டாலரை வைத்திருப்பதா, வந்தவுடன் மாற்றுவதா?

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இங்கிருந்தே வேலை செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர்கள் இன்று சென்னை, கோவையில் மட்டுமல்ல, நாகர்கோவிலிலும் கரூரிலும் இருக்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள், கணக்கு பார்க்கிறார்கள், வீடியோ தொகுக்கிறார்கள். நாலைந்து பேர் ஒன்றுகூடினால் கட்டாயம் எழும் கேள்வி ஒன்று உண்டு: ‘டாலர் ஏறும்போல இருக்கிறதே, வந்த பணத்தை மாற்றாமல் வைத்திருக்கலாமா?’

ரூபாயின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் லாபமும் நஷ்டமும் வேறோர் இடத்தில் இருப்பது தெரியும். அதைச் சொல்வதற்கு முன், டாலரை டாலராகவே வைத்திருக்க நம் நாட்டில் என்ன வழி இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

டாலருக்கென்று ஒரு கணக்கு

சாதாரண சேமிப்புக் கணக்கிலோ நடப்புக் கணக்கிலோ வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கி அதை ரூபாயாக மாற்றித்தான் வரவு வைக்கும். பேபால் வழியாக வந்தாலும் அப்படியே. இந்தியாவில் இருப்பவரின் பேபால் கணக்கில் சேரும் பணம் தானாகவே ரூபாயாகி வங்கிக்குப் போய்விடுகிறது.

டாலராக வைத்திருக்க வேண்டுமானால் இ.இ.எஃப்.சி. கணக்கு வேண்டும். அந்நியச் செலாவணி ஈட்டுவோருக்காகவே ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் கணக்கு இது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மட்டும்தான் இது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளிநாட்டிலிருந்து முறையாகச் சம்பாதிக்கும் தனிநபரும் தொடங்கலாம். அந்நியச் செலாவணி கையாள உரிமம் பெற்ற வங்கியில் கேட்க வேண்டும். பான் அட்டை, தொழில் செய்வதற்கான சான்று, வாடிக்கையாளருடன் போட்ட ஒப்பந்தம் அல்லது இன்வாய்ஸ் ஆகியவற்றைக் கேட்பார்கள். உத்யம் பதிவோ ஜி.எஸ்.டி. பதிவோ இருந்தால் வேலை சுலபம்.

இந்தக் கணக்கைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வரும் தொகை முழுவதையும் டாலராகவே இதில் வரவு வைக்கலாம். இரண்டாவது, இது நடப்புக் கணக்கு. எத்தனை டாலர் இருந்தாலும் ஒரு காசு வட்டி கிடையாது. மூன்றாவதுதான் நம் கேள்விக்கு நேரான பதில். ஒரு மாதத்தில் வந்து சேர்ந்த டாலரில், அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்குப் போனது போக மிச்சம் இருப்பதை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும். ஜூன் 5-ஆம் தேதி வந்த பணத்துக்கு ஜூலை 31 வரை அவகாசம். அதாவது ஏறக்குறைய 55 நாள். மாதக் கடைசியில் வந்த பணம் என்றால் ஒரே மாதம்தான்.

இந்தக் கெடுவுக்குக் காரணம் உண்டு. 2012-இல் ரூபாய் வேகமாக இறங்கியபோது, மே மாதம், இந்தக் கணக்குகளில் கிடந்த தொகையில் பாதியை உடனே மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. ஏற்றுமதி செய்தவர்கள் ‘இன்னும் ஏறட்டும்’ என்று டாலரைப் பிடித்து வைத்தால், சந்தையில் டாலர் தட்டுப்பாடு கூடி ரூபாய் மேலும் இறங்கும் என்பதே அதன் கவலை. அதே ஆண்டு ஜூலை இறுதியில் முழுத் தொகையையும் டாலராக வரவு வைக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே இந்த அடுத்த மாதக் கெடுவையும் விதித்தது. 2025-இல் சில தளர்வுகள் வந்தன. வெளிநாட்டு வங்கியில் ஏற்றுமதியாளர் கணக்கு தொடங்க வழி பிறந்தது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டி போன்ற சர்வதேச நிதி மையத்தில் உள்ள வங்கிக் கணக்கென்றால் கெடு மூன்று மாதமானது. நம் ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஃப்ரீலான்சருக்குப் பழைய கெடுதான்.

ஆகவே, டாலரை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்து நல்ல விலைக்கு விற்கும் திட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு மாதக் காத்திருப்பு. அதனால் என்ன கிடைக்கும்?

காத்திருப்பின் விலை

கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு வடிவமைப்பாளர் இருக்கிறார். ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்து மாதம் 3,000 டாலர் வாங்குகிறார். ரூபாயில் 2,70,000. இதை 55 நாள் டாலராகவே போட்டு வைத்தால் வட்டி கிடையாது. ரூபாயாக மாற்றி ஆண்டுக்கு 5 சதவீதம் தரும் குறுகிய கால வைப்பில் போட்டிருந்தால் சுமார் 2,030 ரூபாய் கிடைத்திருக்கும். டாலருக்கு 68 காசு என்று ஆகிறது. டாலர் 90 ரூபாய் 68 காசைத் தொட்டால்தான் காத்திருந்தவர் கைக்குக் கை சரி. அதற்கு மேல் ஏறினால்தான் லாபம்.

ரூபாய் அப்படி இறங்குமா? 2014 தொடக்கத்தில் டாலர் 62 ரூபாயை ஒட்டி இருந்தது. 2024 தொடக்கத்தில் 83. பத்தாண்டுச் சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 3 சதவீத இறக்கம். அந்த வேகத்தில் 55 நாளில் 90 ரூபாய்க்கு 41 காசு ஏறும். காத்திருப்பதால் இழக்கும் வட்டியோ 68 காசு. சராசரியைப் பார்த்தால் காத்திருப்பவர் நஷ்டப்படுகிறார்.

சராசரி ஒருபுறம் இருக்க, ரூபாய் ஒரே சீராக இறங்குவதும் இல்லை. 2023 முழுவதும் டாலர் 81-க்கும் 83-க்கும் இடையிலேயே உழன்றது. ஆண்டுத் தொடக்கத்தில் 82 ரூபாய் சொச்சம், முடிவில் 83 ரூபாய் சொச்சம். மாதா மாதம் காத்திருந்தவருக்கு அந்த ஆண்டு எதுவும் கையில் நின்றிருக்காது. அதற்கு நேர்மாறான ஆண்டு 2013. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. எழுபதைத் தொடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதை நம்பி விற்காமல் வைத்திருந்தவர், விதிப்படி செப்டம்பர் இறுதியில் மாற்ற வேண்டிய நாளில் 63-க்கும் கீழான விலைக்கே விற்க நேர்ந்திருக்கும். டாலர் ஏறுகிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் நேரம்தான் காத்திருக்க ஆசை வரும் நேரம். ஆபத்து மிகுந்த நேரமும் அதுவே.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றிய ரூபாய் நடப்புக் கணக்கில் சும்மா கிடக்கப்போகிறது என்றால், டாலராக வைத்திருப்பதால் வட்டி இழப்பு எதுவும் இல்லை. விலை இறங்கும் ஆபத்து மட்டும்தான். மாறாக, கடன் அட்டை பாக்கி வைத்துக்கொண்டோ ஓவர்டிராஃப்டில் வட்டி கட்டிக்கொண்டோ டாலரைப் பிடித்து வைத்திருந்தால், இழப்பு 68 காசில் நிற்காது. மாதம் 3 சதவீதம் வட்டி கட்டுகிறவருக்கு 55 நாளில் டாலருக்கு ஏறக்குறைய 5 ரூபாய் போகிறது.

பணம் உண்மையில் போகும் இடம்

விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் கண்ணுக்குத் தப்புவது வங்கியின் மார்ஜின். செய்திகளில் வரும் டாலர் விலை வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. நமக்கு வங்கி தருவது டி.டி. பையிங் ரேட். அது சில காசோ, ஒரு ரூபாயோ, அதற்கு மேலோ குறைவாக இருக்கும். நாம் டாலர் வாங்கப் போனால் டி.டி. செல்லிங் ரேட், அது அதே அளவு கூடுதலாக இருக்கும். இந்த வித்தியாசம் கட்டணம் என்ற பெயரில் எந்தச் சீட்டிலும் வராது. விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கோவை வடிவமைப்பாளரின் வங்கிச் சீட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். வந்த தொகை 3,000 டாலர். மாற்று விலை 88.90. ரூபாய் மதிப்பு 2,66,700. அதன் கீழே ஜி.எஸ்.டி. 330 ரூபாய் என்றிருக்கிறது. அவர் கண்ணில் படுவது அந்த 330 ரூபாய். ‘இதற்கும் ஜி.எஸ்.டி.யா?’ என்று வருத்தப்படுகிறார். ஆனால் அன்றைக்கு வங்கிகளுக்கிடையிலான விலை 90. டாலருக்கு 1 ரூபாய் 10 காசு வீதம் 3,300 ரூபாய் எந்த வரியிலும் தெரியாமல் போயிருக்கிறது.

அந்த ஜி.எஸ்.டி.க்கு ஒரு சூத்திரம் உண்டு. ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதமும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள பகுதிக்கு அரை சதவீதமும் சேவை மதிப்பாகக் கொண்டு, அந்த மதிப்பின் மேல் 18 சதவீதம் வரி. 3,000 டாலரை ஒரே முறை மாற்றினால் 330 ரூபாய். 1,500 வீதம் இரண்டு முறை மாற்றினால் 420 ரூபாய். சேர்த்து மாற்றுவதால் வரியில் மிச்சமாவது 90 ரூபாய்தான். அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

மார்ஜினைக் குறைப்பதற்கு வழி கேட்பதுதான். பணம் வந்தவுடன் தானாக மாறிவிட்டால் வங்கி தன் கார்டு ரேட்டைப் போட்டுவிடும். அது காலையில் அன்றைக்கென்று அச்சிட்ட விலை. பேரம் இல்லாதவர்களுக்கு உரியது. பணம் இ.இ.எஃப்.சி. கணக்கில் டாலராக வந்து நின்றால், எப்போது மாற்றுவது என்பது நம் கையில். விலை கேட்க நேரம் கிடைக்கிறது. இந்தக் கணக்கின் பெரிய பலனே அதுதான். கிளை மேலாளரிடமோ ஃபாரெக்ஸ் டெஸ்க்கிலோ பேச வேண்டிய பேச்சு இவ்வளவுதான்:

“சார், மூவாயிரம் டாலர் கன்வெர்ட் பண்ணணும். இப்ப லைவ் ரேட் என்ன வருது?”

“மார்க்கெட் தொண்ணூறு ஓடுது மேடம். உங்களுக்கு எண்பத்தொன்பது அம்பது தரலாம்.”

“மாசாமாசம் இதே அளவு வருது சார். இருபத்தஞ்சு காசு மார்ஜின்ல போட முடியுமா? முடியும்னா லெட்டர் கொடுத்து ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்.”

இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் 25 காசு கிடைத்துவிடாது. தொகை சிறியதென்றால் 40, 50 காசில் நிற்கலாம். கேட்காதவர்களுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போகிறது என்பதை நினைத்தால் அதுவும் லாபமே. பேசி முடித்ததை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சொன்னபடி போட்டார்களா என்று பார்க்க, எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் மதியம் வெளியிடும் குறியீட்டு விலையோடு நம் சீட்டில் உள்ள விலையை ஒப்பிடலாம். விலை நாளுக்குள்ளேயே மாறும் என்பதால் சில காசு முன்பின் இருக்கும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தால் அது மார்ஜின்.

டாலராகவே போகிற டாலர்

அப்படியானால் டாலரை வைத்திருக்கவே வேண்டாமா? வைத்திருக்க வேண்டிய டாலர் ஒன்று உண்டு. டாலராகவே வெளியே போகப்போகிற டாலர்.

நம் வடிவமைப்பாளர் அனிமேஷன் வேலையை வியட்நாமில் இருக்கும் ஒருவருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அவருக்கு மாதம் 700 டாலர். வந்த 3,000 டாலரையும் 88.90-க்கு விற்றுவிட்டு, பத்து நாள் கழித்து இவருக்கு அனுப்ப 700 டாலரை 91.10-க்கு வாங்குகிறார். தன் டாலரையே விற்று வாங்கியதில் டாலருக்கு 2 ரூபாய் 20 காசு. மாதம் 1,540 ரூபாய் வீண். 700 டாலரை இ.இ.எஃப்.சி. கணக்கிலேயே நிறுத்தி அங்கிருந்து அனுப்பினால் இந்த இழப்பே இல்லை. இடையில் டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலை இல்லை.

முழுக் கணக்கையும் போடுவோம். பழைய வழியில் 3,000 டாலரை 88.90-க்கு விற்று 2,66,700 பெற்று, 700 டாலர் வாங்க 63,770 கொடுத்தால் கையில் மிஞ்சுவது 2,02,930. புதிய வழியில் 700 டாலரை நிறுத்தி, 2,300 டாலரை மட்டும் 89.75-க்கு மாற்றினால் 2,06,425. மாதம் 3,495 ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு 41,940. இதில் ரூபாய் எந்தப் பக்கம் போகும் என்ற ஊகம் துளியும் இல்லை.

இதற்கும் எல்லை உண்டு. இந்தக் கணக்கிலிருந்து வெளியே அனுப்ப வங்கியில் ஏ-2 படிவம் கொடுக்க வேண்டும். இன்வாய்ஸ் காட்ட வேண்டும். பல சமயம் வருமான வரி தொடர்பான படிவமும் ஆடிட்டர் சான்றும் கேட்பார்கள். அனுப்பும் கட்டணம் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டியும் போகும். 700 டாலருக்கு இது தாங்கும். மாதம் 80 டாலர் மென்பொருள் சந்தாவுக்குத் தாங்காது. அதைக் கடன் அட்டையில் கட்டினால் 3 சதவீத மார்க்கப்பும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 255 ரூபாய்தான் ஆகிறது. ஆகவே சிறு சந்தாக்களுக்காக டாலரை நிறுத்தி வைப்பதில் பயனில்லை. உங்கள் வங்கி இந்தக் கணக்கோடு இணைந்த அட்டை தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் துணை ஒப்பந்தக்காரருக்குப் பணம் என்றால், அடுத்த மாதக் கெடு இடிக்கும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட செலவுக்காக நிறுத்தி வைக்க விதியில் இடம் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தை வங்கியில் முன்பே கொடுத்து, இன்ன தொகை இன்ன செலவுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கெடு நாளில் வங்கி தானே மாற்றிவிடும், அதுவும் கார்டு ரேட்டில். பேசி வைத்த மார்ஜினும் அங்கே பயன்படாது. ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி, போன மாத டாலரில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து நாமே மாற்றிவிடுவது பாதுகாப்பு.

வழியில் சிக்கும் சில முடிச்சுகள்

யூரோவில் தரும் வாடிக்கையாளர் சேர்ந்தால் தனிக் கவனம் வேண்டும். இ.இ.எஃப்.சி. கணக்கு ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனி. டாலர் கணக்கு மட்டும் இருக்கும்போது யூரோ வந்தால், அது முதலில் டாலராகி, பிறகு ரூபாயாகும். இரண்டு மாற்றம், இரண்டு மார்ஜின். யூரோ மாதா மாதம் வருமென்றால் யூரோ கணக்கும் தொடங்குங்கள். எப்போதாவது வருமென்றால் நேரே ரூபாய்க் கணக்கில் வாங்கிவிடுங்கள்.

3,000 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பி 2,975 வந்து சேர்ந்தால், நடுவில் இருக்கும் வங்கி எடுத்துக்கொண்டது என்று பொருள். அனுப்புபவரின் திரையில் OUR, SHA என்று இரண்டு தேர்வு இருக்கும். முதலாவதைத் தேர்ந்தால் கட்டணத்தை அவர் ஏற்பார். இரண்டாவதென்றால் நடுவில் பிடித்தம் நம் தலையில். இதை வேலை தொடங்கும்போதே பேசிக்கொள்வது நல்லது.

வரி பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. டாலரை ரூபாயாக மாற்றாதவரை அது வருமானமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். டாலராக வந்தாலும் வருமானம் வருமானமே. பிறகு மாற்றும்போது கிடைக்கும் ஏற்ற இறக்கம் தனி லாபமாகவோ நஷ்டமாகவோ கணக்கில் ஏறும். வரியைத் தள்ளிப்போட இந்தக் கணக்கு உதவாது. ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதில் நோக்கக் குறியீடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் ஆலோசனைக்கு P0802 என்பதுபோல ஒவ்வொரு சேவைக்கும் ஒன்று உண்டு. சேவை ஏற்றுமதிக்கான ஜி.எஸ்.டி. சலுகை கேட்கும்போது முதலில் கேட்கப்படும் காகிதம் இந்தச் சான்றுதான்.

யாருக்கு எது?

மாதம் 500 டாலர் சம்பாதித்து, வெளிநாட்டுக்கு எதுவும் அனுப்ப வேண்டியிராதவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. குறைந்தபட்ச இருப்பு, அலைச்சல் எல்லாம் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இராது. நல்ல விலை தரும் வழியைத் தேர்ந்து, வந்தவுடன் மாற்றிக்கொள்வதே போதும். மாதம் 2,000, 3,000 டாலருக்கு மேல் வருகிறவரும், டாலரில் ஆள்கூலியோ பெரிய செலவோ உள்ளவரும் கட்டாயம் தொடங்கலாம். தொடங்கியபின் செய்ய வேண்டியது: டாலரில் போகவேண்டியதை நிறுத்துங்கள், மிச்சத்தை விலை பேசி அந்த வாரமே மாற்றுங்கள்.

டாலர் நாளை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. நம் வங்கி இன்று எத்தனை காசு எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள முடியும். கடைசியாக வந்த வரவுச் சீட்டை இன்றே எடுத்து, மாற்று விலைக்கும் அன்றைய குறியீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஐம்பது காசுக்கு மேல் இருந்தால், நாளைக் காலை வங்கியை அழைத்து லைவ் ரேட் கேளுங்கள்.